ஒட்டுக் கன்று சரியாக வரவில்லையா? முதலில் தழும்பைத் தேடுங்கள்

ஜூன், ஜூலையில் மழை பிடித்ததும் பெங்களூரில் பாதி வீடுகளுக்கு ஒரு மாங்கன்று வந்து சேரும். லால்பாகில் வாங்கியதாக இருக்கும், ஹெசரகட்டா போய்வந்த யாரோ கொடுத்ததாக இருக்கும், தெருவில் தள்ளுவண்டியில் வந்ததாகவும் இருக்கும். விற்பவர் "கசி கிடா சார்" என்று அடித்துச் சொல்லியிருப்பார், அதாவது ஒட்டுக் கன்று. கேள்விகள் ஆறு மாதமோ ஆறு வருடமோ கழித்துத்தான் வருகின்றன. மேலே காய்ந்துவிட்டது, கீழே மட்டும் தழைக்கிறது. சாத்துக்குடி என்று வைத்தது முள்ளும் புளிப்புமாக நிற்கிறது. மரம் மாடி உயரம் ஆகியும் பூவே இல்லை.

இவற்றுக்கெல்லாம் உரம் வைக்கும் முன், மருந்து அடிக்கும் முன் பார்க்க வேண்டிய இடம் ஒன்றுதான்: அடித்தண்டில் இருக்கும் ஒட்டுத் தழும்பு. கோளாறு அதற்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா, அல்லது அந்த இடத்திலேயே இருக்கிறதா என்று தெரிந்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

தழும்பை எப்படிக் கண்டுபிடிப்பது

ஒட்டுக் கன்று என்பது இரண்டு செடிகள். கீழே விதையிலிருந்து முளைத்த வேர்ச்செடி. மேலே, காய்த்துக்கொண்டிருக்கும் தாய் மரத்திலிருந்து எடுத்த பாகம். மா, சப்போட்டா, பலா ஆகியவற்றில் அந்தப் பாகம் ஒரு முழுக் குச்சி. அதைச் சீவி வேர்ச்செடியில் செருகிக் கட்டுவது ஒட்டுக்கட்டுதல். சாத்துக்குடி, ஆரஞ்சு, இலந்தை போன்றவற்றில் குச்சி வேண்டாம். ஒரே ஒரு மொட்டைச் சிறிது பட்டையோடு பெயர்த்து, வேர்ச்செடியின் பட்டைக்கு அடியில் செருகினால் போதும். அது மொட்டுக்கட்டுதல்.

இரண்டும் வேறு வேறு தடம் விட்டுப்போகும். மாங்கன்றில் மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பாருங்கள். ஆங்கில V எழுத்துபோலவோ, சாய்ந்த கோடாகவோ ஒரு வடு தெரியும். அதற்கு மேலும் கீழும் பட்டையின் நிறமும் சொரசொரப்பும் கொஞ்சம் மாறும். மொட்டுக்கட்டிய செடியில் தண்டு அந்த இடத்தில் ஒரு பக்கமாக வளைந்து கிளம்பியிருக்கும். வளைவுக்கு எதிர்ப்பக்கம், வேர்ச்செடியின் தலையை வெட்டிய இடம் ஒரு ஆறிய முண்டாகத் தெரியும்.

வளைவும் இல்லை, வடுவும் இல்லை என்றால் அது விதைக் கன்றாக இருக்கலாம். ஆனால் அவசரப்பட்டு நர்சரிக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். கொய்யாவும் மாதுளையும் பெரும்பாலும் பதியம் போட்டோ குச்சி வேரூன்றியோ வருபவை, அவற்றில் வடு இருக்காது. நாட்டு எலுமிச்சையையும் விதையிலிருந்தே எடுப்பது வழக்கம். ஒரே எலுமிச்சை விதையில் பல முளைகள் கிளம்பும். அவற்றில் பெரும்பாலானவை மகரந்தக் கலப்பில்லாமல் தாயின் திசுவிலிருந்தே உருவானவை, ஆகவே தாய்போலவே காய்க்கும். யாராவது 'ஒட்டுத் தென்னை' என்று விற்றால் மட்டும் பேசாமல் நடந்துவிடுங்கள். ஒட்டு பிடிக்க பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இருக்கும் கேம்பியம் என்ற ஈரமான மெல்லிய அடுக்கு வேண்டும். இரண்டு செடிகளின் கேம்பியமும் தொட்டுக்கொண்டால்தான் திசு வளர்ந்து இணையும். தென்னைக்கு அந்த அடுக்கே கிடையாது.

அறிகுறி: மேலே காய்கிறது, கீழே புதுத் துளிர்

அதிகம் கேட்கப்படுவது இதுதான், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். முதலில் நகத்தால் ஒரு சோதனை. தழும்புக்கு மேலே தண்டை லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் மேல்பாகம் உயிரோடு இருக்கிறது. பழுப்பாக, காய்ந்து இருந்தால் இரண்டு விரல்கடை கீழே இறங்கி மறுபடி கீறுங்கள். இப்படியே தழும்பு வரை வந்தும் பழுப்புதான் என்றால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ரகம் போய்விட்டது. மண்ணில் நிற்பது வேர்ச்செடி மட்டும்தான்.

மேலே பச்சை இருந்தால் வைத்தியம் எளிது. தழும்புக்குக் கீழே வரும் துளிர்களை எல்லாம், அவை இளசாக இருக்கும்போதே, விரலால் கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்துவிடுங்கள். கத்தரியால் வெட்டினால் அடியில் தூங்கும் மொட்டுகள் மிஞ்சி, ஒன்று போன இடத்தில் மூன்று வரும். வேர்ச்செடியின் துளிர் வேருக்குப் பக்கத்தில் இருப்பதால் தண்ணீரும் சத்தும் அதற்கே முதலில் போகும். விட்டுவைத்தால் ஒரே பருவத்தில் மேல்பாகத்தை அமுக்கிவிடும்.

காய்ந்ததற்குக் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. ஒட்டு ஆரம்பத்திலேயே அரைகுறையாகப் பிடித்திருக்கலாம். நிழல்வலைக்குள் இருந்த கன்றைக் கொண்டுவந்த மறுநாளே வெயிலில் நட்டிருக்கலாம். அல்லது தழும்பு மண்ணுக்குள் போகும்படி ஆழமாக நட்டு, அந்த இடம் அழுகியிருக்கலாம். நடும்போது தழும்பு தரையிலிருந்து ஒரு சாணாவது மேலே நிற்க வேண்டும். தொட்டியில் பிறகு மண்ணும் உரமும் கொட்டிக் கொட்டி அதை மூடிவிடுபவர்கள் நிறையப் பேர்.

மேல்பாகம் முழுதாகச் செத்துவிட்டால் என்ன செய்வது? செடியைப் பிடுங்க வேண்டியதில்லை. வேர் நன்றாக ஊன்றியிருக்கிறது, அதுவே பெரிய சொத்து. கே.ஆர். புரம் பக்கம் தெரிந்த ஒருவர் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

மல்லிகா ரக மாங்கன்று என்று வாங்கி ஆகஸ்டில் நட்டிருந்தார். மார்ச் மாத வெயிலில் மேலே காய்ந்தது. நகம் வைத்துக் கீறியதில் தழும்பு வரை பழுப்பு. கீழே இரண்டு கிளைகள் மட்டும் ஜோராகக் கிளம்பின. "அதான் நல்லா வருதே, இதை ஏன் வெட்டணும்ங்கிறீங்க?" என்றார். அவை ஏதோ ஒரு சந்தை மாங்கொட்டையின் கிளைகள் என்று புரியவைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. சரி, மழை வரட்டும் என்று காத்திருந்தோம். பெங்களூரில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காற்று வறண்டு கிடக்கும். அப்போது ஒட்டுக்கட்டினால் செருகிய குச்சி இணைவதற்குள் உலர்ந்துவிடும். ஜூன் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்டு வரை ஈரக்காற்று, அதுதான் பருவம்.

இரண்டு கிளைகளில் நேரானதை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிட்டார். ஜூனில் அது பென்சில் பருமன் ஆகியிருந்தது. ஓசூரில் அவர் மச்சான் தோட்டத்தில் நன்றாகக் காய்க்கிற மல்லிகா மரம் ஒன்று உண்டு. அதில் அதே பருமனில், பூக்காத நுனிக் குச்சிகளாகப் பார்த்து, மூன்று நான்கு மாத வயதுள்ளவற்றைத் தேர்ந்தெடுத்தோம். உடனே வெட்டிவிடவில்லை. இலைகளை மட்டும் காம்பு அரை அங்குலம் நிற்கும்படி நறுக்கிவிட்டு, குச்சியை மரத்திலேயே விட்டுவிட்டு வந்தோம். ஏழு முதல் பத்து நாளில் நுனி மொட்டு உப்பிக்கொண்டு வரும், மிச்சமிருந்த காம்புகள் தொட்டால் உதிரும். அப்போதுதான் குச்சி தயார். இந்த ஒரு வாரப் பொறுமை இல்லாததால்தான் வீட்டில் கட்டும் ஒட்டுகள் பல பிடிக்காமல் போகின்றன.

வெட்டிய குச்சியை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு அன்றே கொண்டுவந்தார். வேர்ச்செடிக் கிளையில் தண்டு இன்னும் இளசாக, செம்பழுப்பு மாறாமல் இருந்த இடத்தில் தலையை வெட்டி, நடுவில் ஒன்றரை அங்குலம் ஆழத்துக்கு ஒரு பிளவு. குச்சியின் அடியை இருபுறமும் அதே நீளத்துக்கு ஆப்பு மாதிரி சீவி உள்ளே இறக்கினோம். சீவுவது ஒரே இழுப்பில் இருக்க வேண்டும். மேலும் கீழும் ராவினால் பரப்பு மேடுபள்ளமாகி நடுவில் காற்று நிற்கும். பருமன் சரியாக ஒத்துவராவிட்டால் நடுவில் வைக்கக் கூடாது. ஒரு பக்கத்துப் பட்டையாவது வரிக்கு வரி சேரும்படி ஓரமாகத் தள்ளி வைக்க வேண்டும், கேம்பியம் அங்கேதானே இருக்கிறது. அப்புறம் விரல் அகல பாலிதீன் நாடாவால் கீழிருந்து மேலாக இறுக்கிக் கட்டி, குச்சி ஐஸ் கவர் ஒன்றைத் தலைகீழாக மாட்டி அடியில் நூல் போட்டாயிற்று. கவருக்குள் ஈரம் நிற்கும், குச்சி வாடாது.

சுமார் மூன்று வாரத்தில் நுனி மொட்டு விரிந்து செம்பு நிற இலை எட்டிப்பார்த்தது. இரண்டு மூன்று இலை விரிந்ததும் கவரை ஒரு சாயங்கால வேளையில் எடுத்துவிட வேண்டும். நாடாவை மட்டும் இன்னும் இரண்டு மூன்று மாதம் தொடக் கூடாது.

இங்கே மொட்டுக் கட்டியிருக்கலாமே என்று கேட்கலாம். மொட்டுக்கு, வேர்ச்செடியின் பட்டை கட்டையை விட்டு வழுக்கிக்கொண்டு கழல வேண்டும். இந்த இளங்கிளையில் அது சரியாகக் கழலாது, பிளவுக்குத்தான் லாயக்கு. மொட்டுக்கட்டுதலுக்கு இரண்டு அனுகூலங்கள் உண்டு. ஒரு குச்சியிலிருந்து நாலைந்து செடி எடுத்துவிடலாம், அதனால் அபூர்வமான தாய் மரம் என்றால் மொட்டுதான் சிக்கனம். மொட்டு செத்தாலும் வேர்ச்செடியின் தலை அப்படியே இருக்கும், மறுபக்கத்தில் மறுபடி செருகலாம். ஒட்டுக்கட்டுதலில் தலையை முதலிலேயே வெட்டிவிடுகிறோம். பிடிக்காவிட்டால் அடுத்த துளிருக்குக் காத்திருக்க வேண்டும். பிடித்துவிட்டால் மட்டும் அதன் வேகம் மொட்டுக்கு வராது. குச்சியில் ஏற்கெனவே பல மொட்டுகளும் சேமித்த சத்தும் இருக்கின்றன.

அறிகுறி: இலையோ பழமோ வேறு மாதிரி இருக்கிறது

சாத்துக்குடி மரத்தில் ஒரு பக்கம் மட்டும் நீண்ட முள்ளோடு ஒரு கிளை விர்ரென்று மேலே போகிறது. அதில் வரும் காய் தோல் சொரசொரவென்று, மஞ்சளாக, விதை நிறைந்து, வாயில் வைக்க முடியாத புளிப்பாக இருக்கிறது. செடிக்கு எதுவும் ஆகிவிடவில்லை. அது ஜம்பேரி, அதாவது உங்கள் சாத்துக்குடிக்கு வேராக வைத்த செடி. கர்நாடகத்தில் ரங்பூர் எலுமிச்சையும் வேர்ச்செடியாக அதிகம் பயன்படுகிறது. அது தலையெடுத்தால் காய் ஆரஞ்சு நிறத்தில் பழுத்து ஏமாற்றும், வெட்டினால் எலுமிச்சைப் புளிப்பு.

பழம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, இலையே சொல்லிவிடும். சப்போட்டாவை இங்கே பெரும்பாலும் பாலை மரக் கன்றில் ஒட்டுக்கட்டுகிறார்கள். சப்போட்டா இலையின் நுனி குறுகி முடியும். பாலை இலை நுனி அகன்று, நடுவில் கிள்ளி எடுத்ததுபோல் ஒரு பள்ளம் இருக்கும். ஒரு இலையைக் கையில் எடுத்தாலே போதும். பலாவில் மேலும் கீழும் பலாதான், ஆனாலும் ஒரு அடையாளம் உண்டு. விதையிலிருந்து வந்த இளம் பலாவில் சில இலைகள் இரண்டு மூன்று மடலாகப் பிளந்திருக்கும். காய்க்கும் மரத்திலிருந்து எடுத்த குச்சியில் இலை முழுசாக, நீள்வட்டமாக வரும். தும்கூர் பக்கத்துச் செஞ்சுளை ரகமான சித்து பலாவின் ஒட்டு என்று வாங்கிய கன்றில் புதிதாக வருவதெல்லாம் மடல் இலைகளாக இருந்தால், உடனே குனிந்து தழும்பைப் பாருங்கள். மாவில்தான் இலையை வைத்துச் சொல்வது கஷ்டம். கிளையை அதன் அடிவரை விரலால் தடவிக்கொண்டே போய், எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்ப்பதே வழி.

நல்ல கிளை ஒன்றாவது தழும்புக்கு மேலே மிச்சம் இருந்தால், வேர்ச்செடிக் கிளைகளைத் தண்டோடு ஒட்ட வெட்டிவிட்டு நல்லதை வளரவிடுங்கள். எல்லாம் போய்விட்டதென்றால் ஜம்பேரியிலேயே மறுபடி மொட்டுக் கட்டலாம். மழைக்காலத்தில் பட்டை நன்றாகக் கழலும்போது, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், பென்சில் பருமனுள்ள தண்டில் T வடிவில் ஒரு அங்குல நீளத்துக்குக் கீறிக்கொள்ளுங்கள், பட்டை மட்டும் அறுபட்டால் போதும். சாத்துக்குடிக் குச்சியில் இலையை வெட்டிவிட்டு, காம்பைக் கைப்பிடியாக வைத்துக்கொண்டு, மொட்டைக் கேடய வடிவில் பட்டையோடு பெயர்த்து அந்தக் கீறலுக்குள் இறக்கி, மொட்டுக்கண் மட்டும் வெளியே தெரியும்படி நாடா சுற்றுங்கள். கண் மேல்நோக்கி இருக்கட்டும்.

இரண்டு மூன்று வாரம் கழித்து அந்தக் காம்பைத் தொட்டுப் பாருங்கள். மொட்டு பச்சையாக இருந்து, காம்பு தொட்டவுடன் உதிர்ந்தால் பிடித்துவிட்டது. காம்பு கருத்துச் சுருங்கி ஒட்டிக்கொண்டே இருந்தால் போச்சு, எதிர்ப்பக்கம் மறுபடி. பிடித்ததும் மேலே உள்ள ஜம்பேரித் தண்டை ஒரேயடியாக வெட்டாமல், முதலில் வளைத்துவிட்டு, மொட்டு ஒரு சாண் வளர்ந்த பிறகு வெட்டுவது நல்லது.

அறிகுறி: தழும்பில் இடுக்கு, வீக்கம், கோந்து

ஒட்டின் இடத்தில் இடுப்பு கட்டியதுபோல் உள்வாங்கி, அதற்கு மேலே உப்பி, இலைகள் வெளிறிப்போய் இருந்தால் நாடாவைத் தேடுங்கள். நர்சரியில் சுற்றிய பாலிதீனை யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். தண்டு பருக்கப் பருக்க அது பட்டைக்குள் புதைந்துவிடும், வெளியே தெரியாது. இலையில் தயாரான சத்து பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. அந்த வழி நெரிபடுவதால்தான் மேலே வீக்கம். பிளேடால் தண்டுக்கு நெடுக்காக ஒரே கீறல் போட்டு நாடாவை வெளியே இழுங்கள். சுற்றிலும் அறுக்க வேண்டாம். அங்கே காற்றில் முறியும் ஆபத்து இருப்பதால் ஒரு பருவத்துக்கு ஊன்றுகோல் கட்டிவையுங்கள்.

நாடா இல்லை, மேலும் கீழும் பருமன் மட்டும் வித்தியாசம், இலை நல்ல பச்சை என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. இரண்டு செடிகள் இரண்டு வேகத்தில் பருக்கின்றன, அவ்வளவுதான்.

எலுமிச்சை வகையில் அடித்தண்டில் கோந்து வடிந்து பட்டை அழுகுவது வேறு கதை. அது மண்ணில் இருக்கும் பைட்டோப்தோரா பூஞ்சாணத்தின் வேலை. அடியில் தண்ணீர் தேங்கி, மொட்டுக்கட்டிய இடம் மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தால் வரும். ஜம்பேரியோ ரங்பூரோ சாத்துக்குடித் தண்டைவிட இதை ஓரளவு தாங்கும். அதனால்தான் மொட்டை உயரத்தில் கட்டுவது. மண்ணை விலக்கி, அழுகிய பட்டையை நல்ல பட்டை தெரியும்வரை சுரண்டி, போர்டோ பசை பூசுங்கள். 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை அரை லிட்டரிலும் பிளாஸ்டிக் வாளிகளில் தனித்தனியாகக் கரைத்து ஒன்றாகக் கலக்க வேண்டும். ஒரு இரும்புக் கத்தியை முக்கிப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேருங்கள்.

அறிகுறி: முழங்கால் உயரத்தில் பூ

இது கோளாறே இல்லை. குச்சி காய்க்கிற மரத்திலிருந்து வந்தது, அதன் வயது அதோடு கூடவே வந்துவிட்டது. ஆனால் முதல் இரண்டு மூன்று வருடம் பூங்கொத்தைக் கிள்ளிவிடுங்கள். காய்க்க விட்டால் செடி அங்கேயே நின்றுவிடும்.

அறிகுறி: வருடங்கள் ஆகியும் பூ இல்லை

தழும்பு இருக்கிறது, கிளைகள் அதற்கு மேலே இருந்துதான் வந்திருக்கின்றன என்றால், ஒட்டு மா நான்காம் ஐந்தாம் வருடத்தில் பூக்க வேண்டும். பூக்கவில்லையா, வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்று பாருங்கள். பக்கத்தில் நான்கு மாடி எழும்பிவிட்ட மனைகளில் காரணம் பெரும்பாலும் நிழல்தான். அடுத்த காரணம், அக்டோபருக்குப் பிறகும் விடாமல் தண்ணீரும் தழைச்சத்தும் கொடுப்பது. மா பூக்க நவம்பர், டிசம்பரின் குளிரும் வறட்சியும் வேண்டும். அப்போது தண்ணீர் ஊற்றினால் இலையாகத் தள்ளும்.

தழும்பே இல்லை என்றால் அது கொட்டையில் முளைத்த மரம். அது தன் இளமைப் பருவத்தைத் தாண்ட ஏழெட்டு வருடம், சில சமயம் இன்னும் அதிகம் எடுக்கும். காய்த்தாலும் என்ன காய்க்கும் என்று யாரும் சொல்ல முடியாது. மல்லிகாவே நீலத்துக்கும் தசேரிக்கும் பிறந்த கலப்பு. அதன் கொட்டையைப் போட்டால் வருவது மல்லிகா ஆகாது. பாதாமி, பங்கனப்பள்ளி, நீலம் எல்லாம் கொட்டைக்கு ஒரே முளை, அந்த முளை மகரந்தக் கலப்பில் பிறந்தது. கேரளக் கரையோரத்து ஒளோர், வெள்ளைக்கொளம்பான் போன்றவற்றில் பல முளை வரும், அவை பெரும்பாலும் தாய்போலவே இருக்கும். ஆகவே அவற்றை வேர்ச்செடிக்குப் பயன்படுத்துகிறார்கள், தோட்டம் முழுக்க வேர் ஒரே சீராக இருக்கும். மாந்தோப்புகளுக்குப் பேர்போன சீனிவாசபுரத்தில் நூறு மரம் வைப்பவர் ஒட்டுக் கன்றை விடாமல் கேட்பது இதனால்தான். நூறும் ஒரே ரகம், ஒரே சமயத்தில் அறுவடை, நாலைந்து வருடத்தில் காசு. விதை மரத்துக்கும் ஒரு பெருமை உண்டு. ஆணிவேர் ஆழமாக இறங்கும், பையில் வேர் சுருண்டு வளராது. கோலார் பக்கத்து வறண்ட நிலத்தில் சிலர் கொட்டையை நிலத்திலேயே ஊன்றி, முளைத்ததன்மேல் அங்கேயே ஒட்டுக்கட்டுவது அந்த ஆணிவேருக்காகத்தான்.

உங்கள் வீட்டு விதை மரத்தையும் இதே முறையில் மாற்றலாம். கிளைகளை அடித்தண்டிலிருந்து இரண்டு மூன்று அடி விட்டு வெட்டி, வெட்டுவாயில் போர்டோ பசை பூசுங்கள். தெற்கிலோ மேற்கிலோ ஒரு கிளையை மட்டும் வெட்டாமல் விடுங்கள். அது வேருக்குச் சோறு போடும், வெட்டிய கட்டைகளுக்கு வெயில் மறைக்கும். வெட்டிய இடங்களில் கொத்தாகத் துளிர் வரும். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்றை விட்டுவிட்டு மற்றதைக் கழியுங்கள். அவை பென்சில் பருமன் ஆனதும், மழைக்காலத்தில், கே.ஆர். புரத்து மரத்துக்குச் செய்த அதே ஆப்பு ஒட்டு. ஒரு கிளையில் மல்லிகா, இன்னொன்றில் ரசபுரி என்றுகூடக் கட்டலாம். புதுக் கிளைகள் ஒரு வருடம் நன்றாக வளர்ந்த பிறகு, விட்டுவைத்த பழைய கிளையையும் வெட்டிவிடுங்கள். வீட்டில் யாராவது அதற்குத் தடை சொல்வார்கள், அதுதானே இத்தனை நாள் நிழல் கொடுத்தது என்பார்கள். வெட்டாவிட்டால் அது மற்றவற்றைவிட வேகமாக மேலே போய், ஒட்டுக் கிளைகளை நிழலில் தள்ளிவிடும்.